பலூன் பெருக்கும் கணக்கு: ஆரத்தின் வீதமும் கன அளவின் வீதமும்

பம்பு ஒரே சீராகக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பலூன் மட்டும் தொடக்கத்தில் கிடுகிடுவெனப் பெருத்துவிட்டு, போகப்போகப் பெருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது. உள்ளே போகும் காற்றின் வேகம் மாறவில்லை. ஆரம் கூடும் வேகம்தான் மாறுகிறது. இந்த இரண்டு வேகங்களையும் கோளத்தின் கன அளவுச் சூத்திரம் எப்படி ஒன்றோடொன்று பிணைக்கிறது என்பதுதான் பிளஸ் டூ மாணவர்களைத் துரத்தும் பலூன் கணக்கின் முழு விஷயமும். அதை ஒரு கணக்கை எடுத்து, படிப்படியாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கணக்கு இது. கோள வடிவப் பலூன் ஒன்றுக்குள் வினாடிக்கு 100 கன செ.மீ. வீதம் காற்று செலுத்தப்படுகிறது. ஆரம் 10 செ.மீ. ஆக இருக்கும் கணத்தில், ஆரம் என்ன வீதத்தில் கூடுகிறது?

முதல் படி: இரண்டு எண்களும் ஒரே ஜாதி இல்லை

கணக்கில் 100, 10 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. பார்ப்பதற்கு இரண்டும் ‘கொடுக்கப்பட்டவை’. ஆனால் 100 என்பது நாம் பார்க்கும் நேரம் முழுவதும் மாறாமல் இருப்பது. 10 அப்படியல்ல. ஆரம் 10-ஐத் தொட்டுவிட்டு அடுத்த கணமே அதைத் தாண்டிப் போய்விடும். எந்தக் கணத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைச் சொல்வதற்காக மட்டுமே அந்த 10 கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே தாளில் முதலில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள். நேரம் t. ஆரம் r, கன அளவு V, இரண்டுமே t-ஐப் பொறுத்து மாறுபவை.

தெரிந்தது: dV/dt = 100 கன செ.மீ./வினாடி
தேவை: r = 10 ஆகும்போது dr/dt

‘வினாடிக்கு 100 கன செ.மீ.’ என்பதைப் பார்த்தவுடன் அது dV/dt என்று எப்படித் தெரியும்? அலகைப் பாருங்கள். மேலே கன செ.மீ. இருந்தால் அது கன அளவின் வீதம். வெறும் செ.மீ. இருந்தால் ஆரம், விட்டம், சுற்றளவு ஆகியவற்றில் ஒன்றின் வீதம். சதுர செ.மீ. என்றால் புறப்பரப்பின் வீதம். வினாவின் வாக்கியம் எவ்வளவு சுற்றி வளைத்திருந்தாலும் அலகு பொய் சொல்லாது.

இரண்டாம் படி: இணைக்கும் சமன்பாட்டை வகையிடுதல்

V = (4/3)πr³

பலூன் கோளமாக இருக்கும் ஒவ்வொரு கணத்திலும் இந்தச் சமன்பாடு உண்மை. இரு பக்கமும் எல்லாக் கணத்திலும் சமம் என்றால், இரு பக்கமும் மாறும் வீதமும் சமமாகத்தான் இருக்க வேண்டும். அதனால் இரு பக்கத்தையும் t-ஐப் பொறுத்து வகையிடலாம்.

இடப்பக்கம் dV/dt. வலப்பக்கத்தில் r³ இருக்கிறது. நாம் வகையிடுவதோ t-ஐப் பொறுத்து. r-ஐப் பொறுத்து வகையிட்டால் r³-க்கு 3r² வரும். ஆனால் r தானே t-ஐப் பொறுத்து நகர்ந்துகொண்டிருக்கிறது, எனவே சங்கிலி விதிப்படி அதோடு dr/dt-யும் பெருக்கலாகச் சேரும்.

dV/dt = (4/3)π · 3r² · dr/dt = 4πr² · dr/dt

நாம் தேடிய இணைப்பு இதுதான். இந்த dr/dt-யை எழுத மறந்துவிட்டு dV/dt = 4πr² என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அப்படி எழுதினால், பம்பைப் பற்றிய எந்தத் தகவலும் இல்லாமலேயே காற்றின் வீதம் கிடைத்துவிட்டது என்று ஆகிறது. அலகும் இடிக்கும்: இடப்பக்கம் கன செ.மீ./வினாடி, வலப்பக்கம் சதுர செ.மீ.

இங்கே சற்று நிற்பது நல்லது. 4πr² என்பது வேறொன்றுமில்லை, கோளத்தின் புறப்பரப்பு. அது இந்த இடத்தில் தற்செயலாக வந்து உட்காரவில்லை. ஆரம் 10 செ.மீ. உள்ள பலூன் மேலும் 1 மி.மீ. பெருக்கிறது என்று வையுங்கள். புதிதாகக் கூடிய இடம் எது? பந்தின் மேல் ஒரே கனத்தில் பூசிய பெயிண்ட் போல, பழைய பலூனைச் சுற்றி 1 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய ஓடு. அந்த ஓட்டின் கன அளவு ஏறத்தாழ பரப்பு × தடிமன், அதாவது 4πr² × dr. அந்த ஓட்டை நிரப்பத்தான் பம்பிலிருந்து காற்று வர வேண்டும். பலூன் பெரிதாக ஆக, போர்த்த வேண்டிய பரப்பு கூடுகிறது. அதே 100 கன செ.மீ. காற்று அகலமான பரப்பில் பரவும்போது ஓடு மெலிகிறது. பலூன் மந்தமாவதற்குக் காரணம் இவ்வளவுதான். ரப்பர் இறுகுவது காரணமென்று சிலர் நினைப்பதுண்டு. காற்று சீரான வீதத்தில் உள்ளே போகிறது என்று சொல்லிவிட்ட பிறகு இந்தக் கணக்கில் ரப்பருக்கு வேலையே இல்லை.

மூன்றாம் படி: இப்போதுதான் எண்கள்

dV/dt = 100, r = 10 என்று பிரதியிடுவோம்.

100 = 4π(10)² · dr/dt
dr/dt = 100/(400π) = 1/(4π) ≈ 0.0796 செ.மீ./வினாடி

வினாடிக்கு 0.8 மி.மீ. கூட முழுதாக இல்லை. தேர்வுத்தாளில் 1/(4π) என்றே விட்டுவிடலாம். ஆனால் தசமத்தில் ஒருமுறை எழுதிப் பார்த்தால்தான் விடை நம்பும்படி இருக்கிறதா என்று தெரியும்.

எண்களை வகையிட்ட பிறகுதான் போட வேண்டும் என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? முன்கூட்டியே r = 10 என்று போட்டால் V = 4000π/3 என்று ஒரு மாறிலி ஆகிவிடும். மாறிலியை வகையிட்டால் பூச்சியம். dV/dt = 0 என்று வரும், ஆனால் கணக்கு 100 என்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பலூனை உறைய வைத்துவிட்டு, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கேட்டதன் விளைவு அது. இந்தத் தவற்றைக் கண்டுபிடிப்பது எளிது: எங்காவது சம்பந்தமில்லாமல் பூச்சியம் முளைத்தால், எண்ணை அவசரப்பட்டுப் போட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

விடையைச் சோதிப்பது

0.0796 சரிதானா என்று வகைநுண்கணிதம் இல்லாமலேயே பார்க்கலாம். ஆரம் 10 ஆகும்போது கன அளவு 4188.79 கன செ.மீ. ஒரு வினாடி கழித்து அது 4288.79. இந்தக் கன அளவுக்குரிய ஆரத்தைக் கால்குலேட்டரில் கனமூலம் எடுத்துக் கண்டுபிடித்தால் 10.0790 வருகிறது. அதாவது அந்த ஒரு வினாடியில் ஆரம் உண்மையில் கூடியது 0.0790 செ.மீ.

நம் விடையைவிட ஒரு துளி குறைவு. குறைவாகத்தான் இருக்க வேண்டும். 0.0796 என்பது ஆரம் சரியாக 10 ஆக இருக்கும் அந்தக் கணத்தின் வேகம். அந்த ஒரு வினாடிக்குள்ளேயே பலூன் கொஞ்சம் பெருத்து, வேகமும் கொஞ்சம் குறைந்துவிட்டது. சோதனையில் 0.08-ஐத் தாண்டி வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

விட்டமும் லிட்டரும்

வினாத்தாள் தயாரிப்பவர்கள் ஆரத்துக்குப் பதில் விட்டத்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். ‘விட்டம் 10 செ.மீ. ஆகும்போது விட்டம் கூடும் வீதம் என்ன?’ என்று வந்தால் இரண்டு இடத்தில் கவனம் தேவை. உள்ளே போடும் r = 5. அதிலிருந்து வரும் dr/dt = 100/(100π) ≈ 0.318 செ.மீ./வினாடி. கேட்டது விட்டத்தின் வீதம், ஆகவே இரண்டால் பெருக்கி 0.637 செ.மீ./வினாடி என்று முடிக்க வேண்டும். முதல் இடத்தில் தவறினால் விடை நான்கில் ஒரு பங்காகும், இரண்டாம் இடத்தில் தவறினால் பாதியாகும்.

காற்றின் வீதத்தை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று கொடுத்தால், ஆரம் செ.மீ.-இல் இருக்கும்போது அப்படியே போட்டுவிடக் கூடாது. 1 லிட்டர் என்பது 1000 கன செ.மீ. நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் வினாடிக்கு 100 கன செ.மீ., நம் கணக்கேதான். பலூனிலிருந்து காற்று கசிகிறது என்றால் dV/dt-க்குக் கழித்தல் குறி வரும். சூத்திரம் மாறாது, dr/dt-யும் கழித்தலாக வந்து ஆரம் சுருங்குவதைக் காட்டும்.

அந்த ஒரு கணத்தைத் தாண்டி

ஒரே ஒரு ஆரத்துக்கு விடை கண்டால் பள்ளிக் கணக்கு முடிந்துவிடுகிறது. பலூனின் கதையோ தொடர்கிறது. அதே 100 கன செ.மீ./வினாடியில் ஆரம் 5 ஆகும்போது வேகம் 0.318, 10 ஆகும்போது 0.0796, 15 ஆகும்போது 0.0354 செ.மீ./வினாடி. ஆரம் இரட்டிப்பானால் வேகம் நான்கில் ஒரு பங்கு, மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு.

நேரத்தோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். காலி நிலையிலிருந்து தொடங்கினால் V = 100t. அதைக் கன அளவுச் சூத்திரத்தில் வைத்தால்:

r = (75t/π)^(1/3)

ஆரம் நேரத்தின் கனமூலத்தோடு போகிறது. 5 செ.மீ.-ஐ எட்ட 5.2 வினாடி போதும். 10 செ.மீ.-க்கு 42 வினாடி. 15 செ.மீ.-க்கு 141 வினாடி. முதல் ஐந்து செ.மீ.-க்கு ஐந்து வினாடிதான், மூன்றாவது ஐந்து செ.மீ.-க்கு ஏறக்குறைய 100 வினாடி! t = 0-இல் இந்தச் சூத்திரம் dr/dt-க்கு முடிவிலி என்கிறது. அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஊதாத பலூன் புள்ளியளவு கோளம் அல்ல, தொங்கும் ரப்பர் பை. அது உருண்டை வடிவத்துக்கு வந்த பிறகுதான் நம் சமன்பாட்டுக்கு அங்கே உரிமை.

ஒரு நூலும் ஒரு கைப்பம்பும்

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆரத்தை அளக்க முயலாதீர்கள். பலூனுக்குள் ஸ்கேலை விட முடியாது. நடுவில் பருத்த இடத்தைச் சுற்றி நூலைப் போட்டு, அதை நீட்டி அளந்தால் சுற்றளவு C கிடைக்கும். C = 2πr என்பதால் dC/dt = 2π · dr/dt. நம் கணக்கில் ஆரம் 10 ஆகும்போது சுற்றளவு வினாடிக்கு 0.5 செ.மீ. கூடுகிறது, நூலில் தாராளமாகத் தெரியும் அளவு.

பம்பு ஒரு அழுத்துக்கு 200 கன செ.மீ. காற்றைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே நேரத்துக்குப் பதில் அழுத்துகளின் எண்ணிக்கை. 10 அழுத்தில் சுற்றளவு 49.1 செ.மீ. ஆக வேண்டும். 20 அழுத்தில் 61.9. 30 அழுத்தில் 70.8. முதல் பத்து அழுத்து நூலை 49 செ.மீ. நீட்டியது, அடுத்த பத்து 13 செ.மீ. கூட நீட்டவில்லை, அதற்கடுத்த பத்து வெறும் 9.

உங்கள் பம்பின் அளவு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சுற்றளவைக் கனப்படுத்திப் பாருங்கள். C³ = 6π²V என்பதால், ஒவ்வொரு பத்து அழுத்துக்கும் C³ ஒரே அளவு கூட வேண்டும். கூடும் அளவை 10-ஆல் வகுத்து, பிறகு 59.2-ஆல் வகுத்தால் உங்கள் பம்பின் ஒரு அழுத்தின் கொள்ளளவே கிடைத்துவிடும்.

எண்கள் அச்சடித்தாற்போல வராது. பலூன் கழுத்துப் பக்கம் பேரிக்காய் வடிவம் எடுக்கும். பலூனுக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகம் என்பதால், உள்ளே போன காற்று கொஞ்சம் நெருக்கப்பட்டு, பம்பு அளந்த கன அளவைவிடச் சிறிது குறைவான இடத்தையே பிடிக்கும். C³ கூடுவது தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால், கழுத்தில் காற்று கசிகிறதா என்றும் பாருங்கள்.

பம்பே இல்லாத பலூன்

இதுவரை dV/dt மாறாமல் இருந்தது. அதனால் ‘பலூன் பெருக்கும்போது ஆரத்தின் வேகம் குறையும்’ என்று பொதுவாக மனதில் பதிந்துவிடும். அது சூத்திரத்தின் குணமல்ல, சீரான பம்பின் குணம். சூத்திரம் இரண்டு வீதங்களையும் பிணைக்கிறதே தவிர, எது எப்படி மாறும் என்று அது தீர்மானிப்பதில்லை.

வானிலை பலூனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் இந்திய வானிலைத் துறை, மேல்வளிமண்டலத்தை அளக்கும் ரேடியோசோண்டு கருவியைக் கட்டி மேலே விடும் பலூன்கள் இவை. தரையை விட்ட பிறகு உள்ளே ஒரு துளி வாயு கூடப் புதிதாகப் போவதில்லை. மேலே போகப்போக வெளிக்காற்று மெலிவதால், உள்ளிருக்கும் வாயு விரிகிறது. உள்வாயுவும் வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒரே அழுத்தம், ஒரே வெப்பநிலையில் இருப்பதாகக் கொண்டால், வெளிக்காற்றின் அடர்த்தி பாதியாகும் உயரத்தில் பலூனின் கன அளவு இரட்டிப்பாகும்.

தரையிலிருந்து 30 கி.மீ. வரை சராசரியாகப் பார்த்தால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ e^(−h/7000) என்ற கணக்கில் குறைகிறது, h மீட்டரில். பலூன் வினாடிக்கு 5 மீ. வேகத்தில் ஏறுகிறது என்று கொள்வோம். அப்போது h = 5t, ஆகவே

V = V₀ · e^(t/1400)
dV/dt = V/1400

இந்த முறை கன அளவின் வீதம் மாறிலி அல்ல. கன அளவு பெருக்கப் பெருக்க அதுவும் பெருக்கிறது. இனி இணைப்பைப் பயன்படுத்துவோம். 4πr² · dr/dt = (4/3)πr³ / 1400. இரு பக்கமும் பொதுவானவற்றை அடித்துவிட்டால்

dr/dt = r/4200

1400 எப்படி 4200 ஆனது? V = (4/3)πr³-இன் வகைக்கெழுவை V-ஆலேயே வகுத்துப் பார்த்தால், (dV/dt)/V = 3 · (dr/dt)/r என்று வரும். கன அளவு 3 சதவீதம் கூடினால் ஆரம் சுமார் 1 சதவீதம் கூடும். பலூன் சின்னதோ பெரியதோ, செ.மீ.-இல் அளந்தாலும் மீட்டரில் அளந்தாலும் இந்த மூன்றில் ஒரு பங்கு மாறாது. என்னைக் கேட்டால் 4πr² வடிவத்தைவிட இது நினைவில் வைக்கத் தகுந்தது. V-யும் r-உம் தெரிந்திருந்தால் π-ஐத் தொடாமலேயே கணக்கு முடிந்துவிடும்.

எண்களைப் போடுவோம். தரையில் ஆரம் 1 மீ. என்றால் dr/dt = 1/4200 மீ./வினாடி, அதாவது 0.24 மி.மீ./வினாடி. கன அளவு வினாடிக்கு சுமார் 3 லிட்டர் கூடுகிறது. 100 நிமிடம் கழித்து, 30 கி.மீ. உயரத்தில் t = 6000. ஆரம் e^(6000/4200) ≈ 4.17 மீ. அப்போது dr/dt = 4.17/4200, அதாவது ஏறக்குறைய 1 மி.மீ./வினாடி. கன அளவின் வீதம் வினாடிக்கு 217 லிட்டர். சரிபார்க்க: 4π × 4.17² × 0.000993 ≈ 0.217 கன மீ. இரண்டு வழியும் ஒத்துப்போகின்றன.

பம்பு ஊதிய பலூனில் ஆரம் பெருக்கப் பெருக்க வேகம் குறைந்தது. இங்கே ஆரம் நான்கு மடங்கு ஆனபோது வேகமும் நான்கு மடங்கு ஆகியிருக்கிறது. இரண்டிலும் நாம் பயன்படுத்திய இணைப்பு ஒன்றே. dV/dt-யை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் வேறு. இணைப்புச் சமன்பாட்டைத் தனியாகவும், வீதத்தைத் தரும் தகவலைத் தனியாகவும் எழுதிக்கொண்டு தொடங்கினால் இரண்டும் குழம்பாது.

7000 என்ற எண் முழு உயரத்துக்கும் எடுத்த சராசரி. தரைக்கு அருகில் அடர்த்தி அதைவிட மெதுவாகவே குறைவதால், முதல் சில கிலோமீட்டரில் உண்மையான dr/dt நாம் கண்ட 0.24 மி.மீ.-ஐவிடக் குறைவாக இருக்கும். மேல் முனையில் கணக்கை நிறுத்துவது ரப்பர். விட்டம் 8 மீட்டரைத் தாண்டிய பலூன், நம் வாய்ப்பாட்டின்படி ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 12 செ.மீ. விட்டம் கூடிக்கொண்டே போய், தாங்க முடியாத இடத்தில் வெடித்துவிடும். அதன் பிறகு V = (4/3)πr³ பொருந்தக் கோளம் இல்லை.